வளையமும் என்னுடையது, தப்பும் என்னுடையது

குன்னூரில் நான் கட்டியது என்று சொல்லிக்கொள்ள என்னென்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் அந்தத் தடுப்புச் சுவரைக் காட்டுவேன். மழையில் இரண்டு முறை சரிந்தது. இரண்டு முறையும் ஆள் வைக்காமல் நானே கல் அடுக்கினேன். அதன் மேல் நிற்கிற, இரும்பு கடைகிற லேத் பட்டறை என்னுடையது. அதில் இருக்கிற முதல் லேத்தை மேட்டுப்பாளையத்தில் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, கழற்றித் துண்டு துண்டாக லாரியில் ஏற்றி, மலைப்பாதையில் அதன் மேலேயே உட்கார்ந்து வந்தேன். "இது இனி சுத்தாது" என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் பின்னால் அதே லேத்தில் வேலை கொடுக்க வந்து வரிசையில் நின்றார்கள். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. ரோலருக்குப் பல் மழுங்கினால், முன்பெல்லாம் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டு ஃபேக்டரிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பல்லை இங்கேயே வெட்டிக் கொடுத்தேன். வீடு கட்டினேன். மகளைக் கணிதத்தில் முதுகலை வரை படிக்க வைத்தேன். நான் படித்தது ஏழாவது. அதிலும் ஏழாவதை முடித்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இவ்வளவும் நான் செய்தது என்று ஊரே ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் சின்னது. உள்விட்டம் இருபது சென்டிமீட்டர் கொண்ட ஓர் இரும்பு வளையம். இன்று அது என் மகள் வேலை பார்க்கிற பள்ளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் மேல் ஓர் அட்டை. அந்த அட்டையில் நான் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், கையில் ஒரு பிளாஸ்டிக் பந்தை இரண்டாக அறுத்து எடுத்து வந்திருந்தாள். அறுத்த லட்சணத்தைப் பார்த்தாலே தெரிந்தது, காய் நறுக்குகிற கத்தி.

"அப்பா, இந்தப் பந்துக்குள்ள சரியா உக்கார்ற மாதிரி டப்பா வேணுங்க. ஒண்ணு இல்ல, அஞ்சாறு. உயரமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு, நடுவுல சிலது. எது எவ்வளவு புடிக்குதுன்னு பசங்களுக்கு ஊத்திக் காட்டணும்."

"எதுக்கு கண்ணு?"

அவள் சொன்னாள். பாடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கொடுத்த ஆரமுள்ள ஒரு கோளத்துக்குள் உருளைகளை வைத்தால், எந்த உருளை மிகப் பெரியது? அதாவது பந்துக்குள் ஒரு டப்பா. உயரமான டப்பா ஒல்லியாகத்தான் இருக்க முடியும், இல்லாவிட்டால் பந்தை முட்டும். அகலமான டப்பா குட்டையாகிவிடும். நடுவில் எங்கேயோ ஒன்று அதிகம் பிடிக்கும். அது எங்கே என்பது கேள்வி. வருடா வருடம் பசங்கள் விடையை மனப்பாடம் செய்துவிடுகிறார்களாம். உயரம், ஆரத்தைப்போல் இரண்டு மடங்கை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தது. ஏன் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. நுண்கணிதத்தில் வகையிட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்துவார்கள், இரண்டு கோடு போட்டு மதிப்பெண் வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதோடு ஊட்டியில் ஆசிரியர்கள் செய்த கற்பித்தல் கருவிகளின் கண்காட்சி ஒன்று வரப்போகிறது. அதில் தேறினால் மாவட்டத்து ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கிற பொறுப்பு கிடைக்கும். அவள் வெகு நாளாகக் காத்திருந்த இடம் அது.

நான் அந்தப் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் உருட்டிவிட்டேன்.

"பந்தே வேண்டாம்."

"பந்து இல்லாம எப்படிங்க?"

லேத்தில் நாற்பது வருடம் நின்றவனுக்குத் தெரிகிற ஒரு விஷயம் இது. சுற்றிக் கடைந்த எந்தப் பொருளையும் முழுசாகப் பார்க்க வேண்டியதில்லை. அச்சின் வழியாக நடுவில் பிளந்தால் தெரிகிற ஓரத்தைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் அதே ஓரம் சுற்றி வருவதுதான். பந்தை நடுவில் பிளந்தால் வட்டம். டப்பாவை மேலிருந்து கீழாக நடுவில் பிளந்தால் நீள்சதுரம். ஆகவே ஒரு வளையம் போதும். டப்பாவைப் படுக்க வைத்து வளையத்துக்குள் நுழைத்தால், நடுப்பாகம் வரும்போது நாலு மூலையும் வளையத்தில் உரசிக்கொண்டு போக வேண்டும். உரசினால் அந்த டப்பா பந்துக்குள் சரியாக உட்காரும். ஆடினால் சின்னது. மாட்டினால் பெரியது. பந்துக்குள் வைத்து மூடிவிட்டால் என்ன தெரியும்? வளையத்தில் எல்லாம் தெரியும்.

இதை நான் சொன்னதும் அவள் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினாள். பேனாவை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஒரு வட்டம், உள்ளே ஒரு நீள்சதுரம், மையத்திலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட்டாள்.

"அப்பா, இந்தக் கோடு பந்தோட ஆரம். இது டப்பாவோட ஆரம். இது டப்பா உயரத்துல பாதி. செங்கோண முக்கோணம். கணக்கே இங்கதானுங்க ஆரம்பிக்குது! பசங்க தடுமாறுறதும் இங்கதான்."

அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. இதை நான் எழுதி வைக்கிறேன். அந்த நிமிடத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்றாவது ஆள் என் மனைவி. அவள் சாட்சி.

பட்டறையில் கிடந்த உடைந்த புல்லிச் சக்கரத்தின் வார்ப்பிரும்பு விளிம்பை எடுத்து, உள்ளே சரியாக இருபது சென்டிமீட்டருக்குக் கடைந்து வளையம் செய்தேன். டப்பாக்களுக்குத் தகரம். மேல்பக்கம் திறப்பு, அடியில் தட்டு, ஈயப் பற்று. உயரம் பதினாறு வைத்தால் அகலம் பன்னிரண்டு. உயரம் பன்னிரண்டு வைத்தால் அகலம் பதினாறு. ஆறு, எட்டு, பத்து என்று மூலைமட்டம் பார்க்கிற கணக்குதான் அது, எனக்கு அத்துபடி. உயரமும் அகலமும் சமமாக, பதினாலே காலுக்குக் கொஞ்சம் கம்மியாக ஒன்று. எட்டு உயரத்தில் குட்டையாக ஒன்று.

இங்கேதான் வம்பு வந்தது. உயரமும் அகலமும் சமமாக, பிளந்தால் சதுரமாகத் தெரிகிற அந்தச் சதுர டப்பாதான் அதிகம் பிடிக்கும் என்று நான் சொன்னேன்.

சும்மா சொல்லவில்லை. எனக்குக் காரணம் இருந்தது, ஒன்றுக்கு இரண்டாக. மலைக்கு வருமுன் மேட்டுப்பாளையத்தில் மரம் அறுக்கிற மில்லில் இருந்தேன். உருண்டை மரத்திலிருந்து கழிவு குறைவாகக் கூரை விட்டம் எடுக்க வேண்டுமென்றால் சதுரமாகத்தான் அறுக்க வேண்டும், வட்டத்துக்குள் பெரிய நீள்சதுரம் சதுரம்தான். இரண்டாவது, தகரம். பக்கத்துக்குச் சுற்றுகிற தகடு, வெட்டும்போது பார்த்தேன், சதுர டப்பாவுக்குத்தான் அதிகம் போனது. பன்னிரண்டு உயர டப்பாவின் பக்கத் தகடு அதைவிடக் குறைச்சல். அதிகத் தகரம் தின்றது அதிகம் பிடிக்காமல் வேறு எது பிடிக்கும்?

"இல்லீங்க அப்பா. அது தப்பு."

"எது தப்பு? உன் புஸ்தகமா, என் கத்தரியா?"

"உங்க கத்தரி சரிங்க. பக்கத் தகடு சதுரத்துக்குத்தான் ஜாஸ்தி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா புடிக்கிற அளவு அது இல்லீங்க."

"பந்தயம் கட்டு."

"செரி, நீங்க தோத்தா ஒரு வாரம் காலைக் காப்பி நீங்க போடணும்."

"நீ தோத்தா?"

"நான் போடறேன்."

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, யாரு தோத்தாலும் எனக்கு லாபம். சீக்கிரம் ஊத்துங்க."

சதுர டப்பாவை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பினேன். அதை அப்படியே பன்னிரண்டு உயர டப்பாவில் ஊற்றினேன். வழியும் என்று அடியில் துணி விரித்திருந்தேன். வழியவில்லை. டப்பாவில் இன்னும் இடம் இருந்தது. என் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் கிட்டத்தட்ட முழு டம்ளரும் உள்ளே போனது.

"தகரம் எங்கேயாவது நெளிஞ்சிருக்கும்" என்றேன்.

"ஆமாங்க, தகரம் நெளிஞ்சிருக்கும், தண்ணி சுருங்கியிருக்கும்" என்றாள் மனைவி. "காப்பித்தூள் மேல் தட்டுல இருக்குது."

திருப்பி ஊற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு உயரத்தின் தண்ணீர் சதுர டப்பாவுக்குள் அடங்காமல் மேசையெல்லாம் ஓடியது.

அப்புறம்தான் மகள் காலண்டரைத் திருப்பி எனக்கு விளக்கினாள். டப்பாவின் கனஅளவு என்பது ஆரத்தின் வர்க்கத்தை உயரத்தால் பெருக்கி, அதைப் பை என்கிற எண்ணால் பெருக்குவது. வளையத்தின் ஆரம் பத்து, அதன் வர்க்கம் நூறு; முக்கோணத்தின்படி டப்பா ஆரத்தின் வர்க்கம் அந்த நூறிலிருந்து உயரத்தின் வர்க்கத்தில் கால் பங்கைக் கழித்தது. ஆரத்தை விலக்கிவிட்டால் மிஞ்சுவது உயரம் ஒன்றுதான். நூறு மடங்கு உயரம், அதிலிருந்து உயரத்தின் கனத்தில் கால் கழிவு, பை வெளியே பேசாமல் நிற்கும். உயரத்தைத் துளி ஏற்றினால் இது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வதுதான் வகைக்கெழு. அது நூறிலிருந்து உயரத்தின் வர்க்கத்தில் முக்காலைக் கழித்தால் வருவது.

"பதினொண்ணு போட்டா பிளஸ் ஒம்பது சொச்சம். இன்னும் ஏறுதுன்னு அர்த்தம். பன்னெண்டு போட்டா மைனஸ் எட்டு. இறங்க ஆரம்பிச்சிருச்சு. பூஜ்ஜியம் ஆகுற இடம் நடுவுல, பதினொண்ணரைக்குத் துளி மேல. அதுதான் உச்சி."

"என் சதுரத்துக்கு?"

"மைனஸ் அம்பதுங்க. நீங்க மலை ஏறி, உச்சியத் தாண்டி, அந்தப் பக்கம் பர்லியார் வரைக்கும் இறங்கிட்டீங்க அப்பா."

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஏன் சதுரம் தோற்றது என்பதும் எனக்குப் புரிந்தது. உயரத்தைப் பதினாலிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கும்போது உயரத்தில் போவது ஏழில் ஒரு பங்கு அளவு. அகலம் இரண்டு சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை, ஆனால் அடித்தட்டு எல்லாப் பக்கமும் அல்லவா விரிகிறது? அதன் பரப்பு கால் பங்குக்கும் மேலே கூடிவிடுகிறது. மரத்தில் அகலம் ஒரு தடவை கணக்கில் வரும். டப்பாவில் இரண்டு தடவை வரும். மரம் அறுத்த புத்தி டப்பாவுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஏழாவது படித்த எனக்கு இது ஒரு மதியத்தில் விளங்கியது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அவள் கேட்டபடி உயரம் பதினொன்றரைக்குச் சற்று மேலும், அகலம் பதினாறேகாலுக்குச் சற்று மேலுமாக இன்னொரு டப்பா செய்தேன். அதையும் என் பன்னிரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றினால் வித்தியாசமே தெரியவில்லை. "உன் வர்க்கமூலமும் என் பன்னெண்டும் ஒண்ணுதானே?" என்றேன். கணக்குப்படி ஐந்தாறு மில்லி வித்தியாசம் உண்டு, ஊற்றுகிற கையில் அது தெரியாது என்றாள். உச்சியில் சரிவு இருக்காது, அதனால் அங்கே கொஞ்சம் முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் ஊற்றி அந்த இடத்தைப் பிடிக்க முடியாது, வகையிட்டால்தான் பிடிக்கலாம் என்றாள். தொட்டபெட்டா மேலே வண்டியை நியூட்ரலில் நிறுத்தியவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சரி என்றேன். ஒரு வாரம் காப்பியும் போட்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதமே சரியில்லை.

"அப்பா, ஒரு விதி இருக்குதுங்க. கருவிய ஆசிரியரே செஞ்சிருக்கணும். வெளியில குடுத்துச் செஞ்சா எடுத்துக்க மாட்டாங்க."

"நான் வெளியாளா?"

"அப்படியில்லீங்க. கேட்டாங்கன்னா நான் செஞ்சேன்னு சொல்லணும். நீங்க அங்க எதுவும் பேசாம இருந்தாப் போதும்."

யோசித்தேன். ஒரு டப்பாவுக்கு அவளும் ஈயப் பற்று வைத்தாள், விரலைச் சுட்டுக்கொண்டாள். செய்தது அவள்தான் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், பிள்ளைக்கு நல்லது நடந்தால் சரி என்று தலையை ஆட்டினேன். தலையை ஆட்டியது செய்தவன் யார் என்பதற்கு மட்டும். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

வளையம் கனம் என்பதால் என் ஜீப்பில்தான் போனோம். ஊட்டியில் ஒரு பள்ளிக்கூட ஹால். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் என் சட்டையையும் நகக்கண்ணில் இருந்த கிரீஸையும் பார்த்துவிட்டு, "வண்டிக்காரருங்களா? டிரைவர்ங்க எல்லாம் அந்தப் பக்கமா உக்காருங்க" என்றார். என் மகள் பக்கத்தில் நின்றாள். அவள் வாயைத் திறப்பாள் என்று ஒரு நொடி பார்த்தேன். அவள் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, வண்டிக்காரன்தான்" என்றேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் நன்றாக நடத்தினாள், அதில் குறை சொல்ல மாட்டேன். வளையத்தைத் தூக்கிக் காட்டினாள், டப்பாக்களை நுழைத்துக் காட்டினாள், முக்கோணத்தைப் பலகையில் போட்டாள். தண்ணீர் ஊற்றுமுன் கூட்டத்தைப் பார்த்து எது பெரியது என்று கேட்டாள். கணித ஆசிரியர்களிலேயே பாதிப் பேர் சதுரத்துக்குக் கை தூக்கினார்கள். எல்லோரும் முதுகலை படித்தவர்கள்! நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

நடுவர், கல்லூரியில் கணிதப் பேராசிரியையாக இருக்கும் ஓர் அம்மாள். தண்ணீர் ஊற்றி முடிந்ததும் எழுந்து வந்து வளையத்தைத் தடவிப் பார்த்தார். யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை.

"பந்த விட்டுட்டு வளையத்துக்கு வந்தீங்க பாருங்க, அதுதான் இந்தக் கணக்கோட உயிர். இந்த யோசனை யாரோடதும்மா?"

யோசனை. செய்கை அல்ல. விதியில் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்க அப்பா சொன்னாருங்க என்று அவள் சொல்லியிருந்தால் எந்த விதியும் உடைந்திருக்காது.

"நானே யோசிச்சதுங்க மேடம்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அந்த அம்மாள் விடவில்லை. சதுர டப்பாவை எடுத்தார்.

"இத்தன வருசமா நானும் இந்தக் கணக்க நடத்துறேன். சரியான விடையத்தான் காட்டியிருக்கேன். தப்பான விடைய இப்படிக் கையில குடுத்ததில்ல. பக்கத் தகடு இதுக்குத்தான் ஜாஸ்தி, ஆனா கொள்ளளவு இல்லன்னு சொன்னீங்களே, அருமை. இந்தத் தப்பு உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"பொதுவா படிக்காதவங்க அப்படித்தான் நினைப்பாங்க மேடம்" என்றாள் என் மகள்.

ஹால் சிரித்தது. கை தூக்கிய முதுகலைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவள் தேறிவிட்டாள். திரும்பும்போது கேத்தியைத் தாண்டியிருந்தோம். மூடுபனி, விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தேன்.

"அப்பா, ஏதாச்சும் சொல்லுங்க."

"டிரைவர் என்னத்தச் சொல்றது?"

"அந்த எடத்துல எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. யோசனை உங்களதுன்னு சொன்னா, அப்ப செஞ்சது யாருன்னு அடுத்துக் கேப்பாங்க. இத்தன நாள் காத்திருந்தேனுங்க."

"செரி. வளையத்த எடுத்துக்கிட்ட. தப்பையாவது எனக்கு விட்டிருக்கலாம் இல்ல? அதையும் பொதுவாப் படிக்காதவங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டியே."

அவள் அழுதாள். நான் வண்டியை நிறுத்தவில்லை. அழுகிற பிள்ளைக்காக வண்டியை நிறுத்துகிறவன்தான் நான், அன்று நிறுத்தவில்லை.

இப்போது அவள் மாவட்டம் முழுக்கப் போகிறாள். எமரால்டு பக்கத்துப் பள்ளிகளிலிருந்து கூடலூர் வரைக்கும் ஆசிரியர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்திக் காட்டுகிறாள். என் வளையத்தைப் பார்த்துக் கோயமுத்தூரில் யாரோ கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் வளையமும் டப்பாக்களும் செய்து பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அசல் வளையமும் தகர டப்பாக்களும் அவள் பள்ளியில், நான் முதலில் சொன்ன அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள். அட்டையில் இப்படி இருக்கிறது: "கருவியும் கருத்தும்: கணித ஆசிரியை." சதுர டப்பாவின் அடியில் இன்னொரு சின்ன அட்டை: "பொதுவான தவறு."

பொங்கலுக்கு வந்தவளிடம் அந்த இரண்டு அட்டைகளையும் மாற்று என்றேன்.

"இப்ப மாத்துனா அன்னிக்குப் பொய் சொன்னேன்னு ஆயிருமுங்க."

"பொய் சொல்லாம பின்ன என்ன?"

"பொறுப்பு போயிருமுங்க அப்பா."

"போகாது. நீ நல்லா நடத்துற, ஹாலே பாத்துச்சு. எடுத்தவங்க உன் பாடத்துக்காக எடுத்தாங்க, வளையத்துக்காக இல்ல. போனாலும் நீ வாத்தியாரம்மாதான், கணக்கு உன்ன விட்டுப் போகாது."

அவள் பொங்கல் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். என் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "செஞ்சதுக்குப் பேரு கேக்கறவங்களப் பாத்திருக்கேனுங்க. தப்புக்கும் பேரு கேக்கற ஆள நம்ம ஊட்டுலதான் பாக்கறேன்."

கேட்பேன். ஏன் கேட்கக் கூடாது? பொதுவான தவறு என்று ஒன்று கிடையாது. அது மில்லில் மரம் அறுத்தவன் செய்யக்கூடிய தவறு, கத்தரி பிடித்துத் தகரம் வெட்டியவன் செய்யக்கூடிய தவறு. அந்தத் தவறுக்கு இரண்டு காரணம் இருந்தது, இரண்டும் உண்மையான காரணம். வட்டத்துக்குள் பெரிய நீள்சதுரம் சதுரம்தான், பக்கத் தகடு அதிகம் கேட்பதும் அந்த டப்பாதான். நான் சொல்லியிராவிட்டால் அவள் நேரே வகையிட்டு, பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தி, விடையைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். பாதி ஹால் கை தூக்கியிருக்காது. அந்த அம்மாள் எழுந்து வந்திருக்க மாட்டார். சரியான விடை புத்தகத்தில் இருந்தது, அதை எனக்குத் தர வேண்டாம். வளையமும் தப்பும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டும் என்னிடமிருந்து போனவை.

இதில் எங்கேயும் நான் யார் பெயரையும் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. அது மறதி அல்ல. அந்தப் பெயரை எழுத வேண்டியது நான் அல்ல, என் மகள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் கையாலேயே எழுத வேண்டும், அச்சடித்த அட்டை வேண்டாம். வளையத்தின் அடியில்: "யோசனையும் வேலையும் என் அப்பாவினுடையவை" என்று எழுதி, என் பெயரை முழுசாக, தலைப்பெழுத்தோடு. சதுர டப்பாவின் அடியில்: "இதுதான் பெரியது என்று சொன்னவரும் அவரே" என்று எழுதி, அதே பெயரை மறுபடியும்.

பெட்டியின் சாவி அவளிடம்தான் இருக்கிறது. எழுதச் சொல்லுங்கள்.